மெஷின் சுத்தம், டம்ளரில் கிருமி: உணவகக் குடிநீர் கேள்வி பதில்

ஆர்ஓ போட்டிருக்கிறோம், டிடிஎஸ் 60தான். ஆனாலும் பரிசோதனையில் கோலிஃபார்ம் என்ற கிருமி இருக்கிறதாம். மெஷின் பழுதா?

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. மெஷினைக் கழற்றுமுன், மாதிரியை எங்கே பிடித்தீர்கள் என்று பாருங்கள். நான் போன ஓர் உணவகத்திலும் இதே புகார்தான். மெஷின் வாயில் ஒன்று, அதையடுத்த ஸ்டீல் தொட்டியின் குழாயில் ஒன்று, மேசை ஜக்கில் ஒன்று என மூன்று மாதிரி எடுத்தோம். முதலாவது சுத்தம், மற்ற இரண்டிலும் கிருமி. தொட்டி மூடியைத் திறந்து உட்சுவரில் விரலை வைத்தால் வழவழவென்று வழுக்கியது. ஆர்ஓவுக்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர், குளோரினை உறிஞ்சிவிடுகிறது. அதனால் அந்தத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஒரு விரல் பட்டால் போதும், கிருமி பெருகும். அங்கே மெஷினைத் தொடவே இல்லை. தொட்டியையும் குழாயையும் கழற்றித் தேய்த்து, குளோரின் போட்டு அலசியதும் அடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை.

அப்படியானால் குளோரின் போட்டால் போதும்தானே? மேல்தொட்டியில் வாராவாரம் பிளீச்சிங் பவுடர் தூவுகிறோம்.

பாதி சரி. அடியில் சேறு இருந்தால் போட்ட குளோரினை அதுவே தின்றுவிடும். முதலில் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 1000 லிட்டர் தொட்டியை நிரப்பி, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 1 லிட்டர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கு. ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, ஒரு மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்றி அலசுங்கள். தொடங்குமுன் மெஷினுக்குப் போகும் வால்வை அடைத்துவிடுங்கள். இந்த அளவு குளோரின் உள்ளே போனால், உப்பை வடிகட்டும் மெம்பிரேன் கெட்டுவிடும்.

யுவி விளக்கு நீலமாக நன்றாகத்தான் எரிகிறது. சர்வீஸ்காரர் மாற்றச் சொல்கிறார், நம்பலாமா?

நம்பலாம். கிருமியைக் கொல்லும் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே அது குறைந்துவிடும். தொடர்ந்து எரியும் விளக்குக்கு ஓர் ஆண்டுதான் கணக்கு. மாற்றும்போது விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையையும் துடைக்கச் சொல்லி, தேதியை மெஷின்மேலேயே எழுதுங்கள்.

எங்கள் டம்ளரில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு பேருக்கு வாந்தியும் வந்தது. அந்த உப்புதான் காரணமா?

வெள்ளைப் படிவு தண்ணீரின் கடினத்தன்மை, வாந்திக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். காரணம் உணவாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். தெரியும்வரை கொதிக்கவைத்த தண்ணீரையே கொடுத்து, இன்றே மாதிரி அனுப்புங்கள்.

பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை போதுமென்கிறார் நண்பர். சரியா?

உங்கள் ஊர் விதி சொல்வது குறைந்தபட்சம். கிருமிக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பேன், சர்வீஸ் முடிந்ததும் ஒருமுறை. ஆறு மாதம் போதும் என்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில், வாய்ப்பகுதியைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் தூளைக் கொட்டிவிடாதீர்கள், மாதிரியில் மிச்சமிருக்கும் குளோரினை அடக்க அது வேண்டும்.