ஆப்பை நீக்கியும் நிற்காத பணம்

*இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் சலித்துப்போய் போனிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் தோழி ஒருத்தி, 'உன் போட்டோ இன்னும் அதில் இருக்கிறதே' என்கிறாள். பேங்க் கணக்கைப் பார்த்தால் யுபிஐ வழியாக மாதாமாதம் 399 ரூபாய் போயிருக்கிறது. பிளே ஸ்டோரில் தேடினால் சந்தா எதுவும் இல்லை என்கிறது. பழைய நம்பரும் இப்போது என்னிடம் இல்லை. என்ன செய்வது?*
*— வாசகி, திருப்பூர்*

முதலில் பணத்தை நிறுத்துங்கள், புரொபைலைப் பிறகு பார்க்கலாம். உங்கள் புரொபைல் அந்த ஆப் நிறுவனத்திடம் இருக்கிறது. சந்தாவோ கூகுள் கணக்கில் இருக்கிறது. ஒன்றை அழித்தால் இன்னொன்றுக்குத் தெரியாது. புரொபைலே இல்லாத ஆளுக்கும் மாதம் பிறந்தால் பணம் பிடிக்கப்படும்.

பிளே ஸ்டோர் 'இல்லை' என்று சொன்னால், நீங்கள் வேறு ஜிமெயில் கணக்கில் நின்று தேடுகிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இரண்டு வருடத்தில் போன் மாறியிருக்கும், முதன்மைக் கணக்கும் மாறியிருக்கும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஜிமெயிலிலும் GPA என்று தேடுங்கள். கூகுள் பிளே ரசீது எல்லாவற்றிலும் ஆர்டர் எண் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். சந்தா புதுப்பித்த ரசீதுகளில் அந்த எண்ணின் கடைசியில் இரண்டு புள்ளியும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். ..0 என்றால் முதல் புதுப்பிப்பு, ..1 என்றால் இரண்டாவது. உங்கள் கடைசி ரசீது ..13 என்று முடிந்தால் பதினான்கு முறை புதுப்பித்திருக்கிறது. முதலில் கட்டியதையும் சேர்த்தால் பதினைந்து தவணை, 5,985 ரூபாய்.

ரசீது எந்த ஜிமெயிலில் கிடைக்கிறதோ, அந்தக் கணக்குக்கு மாறுங்கள். பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் கணக்கை மாற்றலாம். அந்தக் கணக்கு போனில் இல்லையென்றால் பிரவுசரில் அதில் நுழைந்து play.google.com/store/account/subscriptions என்ற முகவரிக்குப் போங்கள். போனில் என்றால் Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஆப்பைத் தேர்ந்து Cancel subscription கொடுங்கள். காரணம் கேட்கும், எதையாவது சொல்லுங்கள். நடுவில் சில ஆப்களுக்கு 'சில காலம் நிறுத்தி வைக்கலாமே' என்று ஒரு வழி காட்டும். அதைத் தொட்டுவிட்டால் குறித்த நாள் முடிந்ததும் பணம் மறுபடி போக ஆரம்பிக்கும். ரத்தானதும் உறுதி செய்து மெயில் வரும். வரவில்லையென்றால் ரத்தாகவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

யுபிஐ ஆப்பில் ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்தால் போதாதா என்று தோன்றும். போதாது. சந்தா கூகுளில் உயிரோடுதான் இருக்கும். அந்தக் கணக்கில் வேறு கார்டு எதுவும் சேமித்திருந்தால் அதிலிருந்து எடுக்கவும் வாய்ப்புண்டு. கூகுளில் ரத்து செய்துவிட்டு, அதற்குப் பிறகு ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். அங்கே இன்னும் இருந்தால் அதையும் நீக்கிவிடலாம்.

போன பணம்? கடைசித் தவணை போய் 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுளிடமே திரும்பக் கேளுங்கள். அதைத் தாண்டியவற்றுக்கு ஆர்டர் எண்களோடு ஆப் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். பழைய மாதங்கள் திரும்பி வரும் என்று பெரிதாக நம்ப வேண்டாம்.

இனி புரொபைல். எந்த ஆப் என்று நீங்கள் எழுதவில்லை, டிண்டரை வைத்துச் சொல்கிறோம். மற்றவையும் ஏறக்குறைய இப்படித்தான். உள்ளே போனால்தான் அழிக்க முடியும், பழைய நம்பருக்குப் போகும் ஓடிபியோ உங்களுக்கு வராது. ஆகவே நுழைவுப் பக்கத்தில், உள்ளே போக முடியாதவர்களுக்கென்று இருக்கும் இணைப்பைத் தொட்டு, அன்று கொடுத்த மெயில் முகவரியைப் போடுங்கள். புது நம்பரைப் போட்டு நுழையாதீர்கள். பெயர், பிறந்த தேதி, போட்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தால் புதுக் கணக்கு திறக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே வெளியே வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய படம் அங்கேயே இருக்க, இரண்டாவதாக இன்னொன்றும் சேர்ந்துவிடும்.

மெயிலும் கைகொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய நம்பர், புரொபைலில் இருந்த பெயர், வயது, அந்த GPA எண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் உங்கள் கணக்கைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எளிது.

உள்ளே போனதும் Settings பக்கத்தின் அடியில் Delete Account இருக்கும். அங்கும் அழிப்பதற்குப் பதிலாக மறைத்து வைக்கச் சொல்லி ஒரு வழி வரும். மறைத்தால் புதியவர்கள் கண்ணில் படமாட்டீர்கள், ஆனால் ஏற்கனவே மேட்ச் ஆனவர்கள் பார்க்கலாம், செய்தியும் அனுப்பலாம். உங்கள் நிலைமைக்கு அது உதவாது, அழித்தே விடுங்கள். அரட்டைகளும் கூடவே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. அழித்த மறுநாள் தோழியைத் தன் போனில் இன்னொரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.