"நம்ம ஆள்" ரேட்டிங்: அப்ரைசலில் அதை எப்படிப் பிடிப்பது? கேள்வி பதில்

ரேட்டிங் முடிவாகும் கூட்டங்களில் வெளி ஆளாக உட்கார்ந்து, மேனேஜர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது பல வருஷமாக என் வேலை. தன் மொழி, தன் ஊர், தன் படிப்பு உள்ளவர்களிடம் மேனேஜர் சாய்வதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் டீமில் 9 பேர். அதில் நான்கு பேர் மேனேஜரின் மொழிக்காரர்கள். இந்த வருஷம் கொடுத்த மூன்று '5' ரேட்டிங்கும் அந்த நால்வரில் மூவருக்கே போனது. இது பாரபட்சம்தானே?

சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு சொல்ல இது போதாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி மூன்றை எடுத்தால் 84 விதமாக அமையலாம். மூன்றும் அந்த நால்வருக்குள்ளேயே விழுவது அதில் 4 விதம். அதாவது 21-க்கு ஒன்று. உங்களைப் போல 21 டீம் இருந்தால், யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே ஒன்றில் இப்படி நடக்கலாம். தவிர, அந்த மூவரும் நிஜமாகவே நன்றாக வேலை செய்தவர்களாகவும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்து "ஏன்?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். பதில் ரேட்டிங்கில் கிடைக்காது, அதற்குக் கீழே எழுதிய குறிப்பில்தான் கிடைக்கும். அதற்கு வருகிறேன்.

9 பேரை வைத்துப் புள்ளியியல் பேசுவது விளையாட்டு. மூன்று வருட ரேட்டிங்கைச் சேர்த்தால் 27 கிடைக்குமே, அதை வைத்துப் பாருங்கள்.

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில் ஒரு குழி இருக்கிறது. மூன்று வருஷமும் அதே ஆட்கள், அதே மேனேஜர் என்றால் அது தனித்தனியான 27 தகவல் இல்லை. போன வருஷம் '5' வாங்கியவரை இந்த வருஷமும் '5' என்றே பார்க்கத் தோன்றும். ஒரே சாய்வை மூன்று முறை எண்ணியதாகிவிடும்.

மேனேஜர் மாறும் சமயத்தைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் கிடைக்கும். ஒரே ஆள், ஏறக்குறைய அதே வேலை. தன் மொழி மேனேஜரிடம் 5, 5 என்று இருந்தது வேறு மொழி மேனேஜரிடம் 3 ஆகிறதா? எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு 3 என்பது 4 ஆகிறதா? ஒருவருக்கு நடந்தால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நிறுவனம் முழுக்க முப்பது, நாற்பது மாற்றங்களில் ஒரே திசையில் நகர்ந்தால் விளக்கம் சொல்லுவது கஷ்டம். இதை ஊழியர் பார்க்க முடியாது, ஹெச்.ஆர். மட்டுமே பார்க்க முடியும்.

ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ரேட்டிங்குகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ரேட்டிங் போடுபவரின் தனிப் போக்கிலிருந்தே வந்தது. எல்லாமே மொழிப் பாசம் இல்லை. தாராளக் கை, கஞ்சக் கை எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் ஆள் மாறும்போது எண் எவ்வளவு மாறலாம் என்பதற்கு அது ஒரு அளவு.

ஹெச்.ஆரில் இருக்கிறேன். குறிப்புகளைப் படி என்கிறீர்கள். எல்லா மேனேஜரும் எல்லோரையும் பற்றி நல்லதாகத்தான் எழுதுகிறார்கள். அதில் எதைத் தேடுவது?

நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு டீமைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். 8 பேர். அதில் மூவருக்கும் மேனேஜருக்கும் தாய்மொழி ஒன்று, மதியச் சாப்பாடு ஒரே மேஜையில்.

அந்த மூவரில் ஒருவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "ஜூனில் பழைய சர்வரிலிருந்து மாறியபோது இரவு இரண்டு மணிக்குப் பிழையைக் கண்டுபிடித்து, காலைக்குள் சரிசெய்தார். அடுத்த கட்டப் பொறுப்புக்குத் தயார்." மற்ற ஐவரில் ஒருவரைப் பற்றி: "நல்ல உழைப்பாளி. இன்னும் கொஞ்சம் முன்வந்து பேச வேண்டும்." இரண்டுமே பாராட்டுதான். ஆனால் முதலாவதில் மாதம், சம்பவம், விளைவு மூன்றும் இருக்கிறது. இரண்டாவதை யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். தேதியோ விளைவோ உள்ள சம்பவங்களை மட்டும் எண்ணினேன். மூவரின் தாள்களில் 10. ஐவரின் தாள்களில் 4.

அடுத்து, ஒரே மாதிரி தவறுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். இரண்டு பேருடைய வேலையும் ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளிப்போயிருந்தது. மூவரில் ஒருவருக்கு: "வாடிக்கையாளர் தரப்பில் ஒப்புதல் தாமதமானது." ஐவரில் ஒருவருக்கு: "திட்டமிடல் போதவில்லை." மெயில்களை எடுத்துப் பார்த்தால், இரண்டாவதிலும் வாடிக்கையாளர் ஒப்புதல் தரப் பதினைந்து நாள் எடுத்திருந்தார். நம்ம ஆள் தவறினால் சூழ்நிலை, மற்றவர் தவறினால் குணம். நான் அதிகம் நம்பும் அடையாளம் இதுதான்.

மேனேஜரிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து பேர் என்ன செய்தார்கள் என்பது அவருக்கு உண்மையிலேயே நினைவில் இல்லை. மூவரின் சங்கதி மேஜையில் தினமும் காதில் விழுந்தது. மற்றவர்களுடையது வாராந்திர அறிக்கையில் ஒரு வரி.

அப்புறம் வேலைப் பங்கீட்டைப் பார்த்தேன். வாடிக்கையாளர் முன்னால் நின்று பேசும் வேலை அந்த வருஷம் ஆறு வந்தது. ஐந்து அந்த மூவருக்குப் போயிருந்தது. "முன்வந்து பேச வேண்டும்" என்று எழுதப்பட்டவருக்கு ஒன்றுகூட இல்லை! டிசம்பரில் ரேட்டிங் போடும்போது வித்தியாசம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது பிப்ரவரியில் வேலை பிரித்தபோதே உண்டானது. அதனால் ரேட்டிங்கை மட்டும் திருத்தினால் அடுத்த வருஷமும் இதே கதைதான்.

கடைசியில் ஒரு '5' நான்காக இறங்கியது, ஒரு '3' நான்காக ஏறியது. மேனேஜர் ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. "நீங்கள் எண்ணுகிறீர்கள், நான் வேலை வாங்குகிறேன்" என்றார்.

எங்கள் ஆபீஸிலும் இதேதான் சார். காக்கா பிடிக்கிறவனுக்கு '5', வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு '3'.

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அது வேறு சங்கதி. காக்கா பிடிப்பவர் ஏதோ செய்கிறார். மேனேஜர் மாறினால் புதியவரையும் பிடிப்பார். நாம் பேசுவதில் பலன் அடைபவர் எதையுமே செய்ய வேண்டியதில்லை. மேனேஜருக்கும் தான் எதையும் செய்வதாகத் தெரியாது. அதனால்தான் பிடிப்பது கடினம்.

நானே மேனேஜர். என் மொழிக்காரர்களிடம்தான் நான் கூடுதல் கண்டிப்பு. ஊர்ப்பேர் கெட்டுவிடக் கூடாது என்று திட்டித் தீர்ப்பேன். ஆக எனக்கு இது பொருந்தாது.

பாதி சரி. தன் கூட்டத்தில் ஒருவர் சொதப்பினால் வெளியாளைவிடக் கடுமையாக மதிப்பிடும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. உளவியல் ஆய்வுகளிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது.

ஆனால் திட்டுவதே ஒரு கவனிப்புதானே? மார்ச் மாதம் உங்கள் ஊர்க்காரரைக் கூப்பிட்டு, "இந்த அறிக்கையை இப்படியா அனுப்புவது?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள். அவர் செப்டம்பருக்குள் திருத்திக்கொண்டார். அதே தவறைச் செய்த இன்னொருவரிடம், மனம் நோகுமோ என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு விட்டீர்கள். அவர் அதை முதல் தடவையாகக் கேள்விப்படுவது அப்ரைசல் அன்றைக்கு. இதில் யாருக்கு லாபம்? உங்கள் காலண்டரைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் யாரிடம் தவறைச் சொல்லித் திருத்தினீர்கள் என்று பாருங்கள். பாராட்டுக் கணக்கைவிட அந்தக் கணக்குதான் உங்களுக்கு உதவும்.

பெயரை மறைத்து மதிப்பிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தன் டீமையே மதிப்பிடுபவரிடம் எதை மறைப்பது? முதல் வரியிலேயே யார் என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் எழுதிய குறிப்பில் பெயரையும் அடையாளங்களையும் நீக்கி, அந்த டீமைத் தெரியாத வேறொரு மேனேஜரிடம் கொடுத்து, "இதைப் படித்தால் என்ன ரேட்டிங் போடுவீர்கள்?" என்று கேட்கலாம். குறிப்புக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லாத இடங்கள் அதில் வெளியே வரும். குறிப்பே சாய்ந்திருந்தால் இந்த வழி உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது, அளவுகோலை வருஷத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது. உல்மன், கோஹன் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைத் தலைவர் பதவிக்குச் சிலரிடம் ஓர் ஆணையும் மற்றவர்களிடம் ஒரு பெண்ணையும் மதிப்பிடச் சொன்னார்கள். ஆணிடம் படிப்பு இருந்தால் "படிப்பு முக்கியம்" என்றார்கள். அவரிடம் படிப்பு இல்லாதபோது அதன் முக்கியத்துவம் குறைந்துவிட்டது. எது முக்கியம் என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னபோது இந்தச் சாய்வு காணாமல் போனது. மொழி விஷயத்திலும் இதையே பார்க்கிறேன். நம்ம ஆளிடம் வேகம் இருந்தால் வேகம்தான் முக்கியம், நிதானம் இருந்தால் நிதானம்தான் முக்கியம்.

அந்த 9 பேர் டீம் கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. நானும் அப்படி ஒரு நால்வரில் ஒருத்தி. நான் உழைத்துத்தான் வாங்கினேன். தவிர, மேனேஜரோடு ஒரே மொழியில் பேசினால் வேலை நிஜமாகவே வேகமாக முடிகிறது. அதற்கு மதிப்பெண் கொடுப்பது தவறா?

நீங்கள் உழைத்ததும் உண்மையாக இருக்கலாம், உங்களுக்குக் கதவு சீக்கிரம் திறந்ததும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேகம் வேகம்தான், பலன் நிறுவனத்துக்குத்தான். ஆனால் அந்த வேகம் உங்களுடையதா, உங்கள் இருவருடையதா? நாளைக்கு வேறு மேனேஜரிடம் போனால் கூடவே வருமா? வராதென்றால் அதை உங்கள் திறமைக் கணக்கில் எழுதலாமா? என்னோடு வேலை செய்பவர்களிலேயே பாதிப் பேர் எழுதலாம் என்கிறார்கள்.

நான்தான் அந்த 9 பேர் டீம். எனக்கு '3'. அடுத்த வாரம் மேனேஜரோடு பேசப் போகிறேன். மொழி விஷயத்தைச் சொல்லிவிடவா?

அதை முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து பேச்சு அவர் நல்லவரா கெட்டவரா என்று திரும்பிவிடும், உங்கள் வேலையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

நான்கைந்து சம்பவங்களைத் தேதியோடும் விளைவோடும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிறகு இரண்டே கேள்வி: "'5' வாங்க நான் செய்திருக்க வேண்டிய வேலை எது? அது இந்த வருஷம் எப்போது எனக்குக் கொடுக்கப்பட்டது?" அவர் சொல்வதை அன்றைக்கே மெயிலில் எழுதி அவருக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேலை பிரிக்கும் சமயத்தில் அந்த மெயிலைக் காட்டி, அந்த வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், மெயிலோடு ஹெச்.ஆரிடம் போகலாம். மொழியைப் பற்றி அங்கே பேசுங்கள்.