எட்டாம் பத்தி எந்தப் பகுதியில் இருக்க வேண்டும்?

அன்புள்ள அம்மா,

நான் தேவகோட்டையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பற்றி நான்கு பகுதிகளாக, 19 பத்திகளில் ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர், நன்றாக இருக்கிறது, ஆனால் தாவித் தாவிப் போகிறது என்றார். எங்கே என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டுரை வாசித்துப் பழக்கமில்லாதவர். எழுதி முடித்த கட்டுரையிலிருந்து, பத்திக்கு ஒரு குறிப்பாக ‘ரிவர்ஸ் அவுட்லைன்’ என்ற பட்டியல் எடுத்தால் இடம் மாறிய பத்திகள் தெரியும் என்று படித்து, எடுத்தும் பார்த்தேன். எல்லாம் சரியான இடத்தில் இருப்பதாகவே தெரிகிறது. கட்டுரையையும் அந்தப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். இதைக் கணினியில் செய்ய வேண்டுமா, தாளிலா? எழுதும் முன்பே சட்டகம் போட்டிருந்தால் இந்த வேலையே தேவைப்பட்டிருக்காதா?

ம.

அன்புள்ள ம.,

கணினியோ தாளோ, உங்கள் விருப்பம். முன்கூட்டிய சட்டகம் என்பது நீங்கள் எழுத நினைத்ததைச் சொல்லும், எழுதியதைச் சொல்லாது. ஆகவே அது இருந்திருந்தாலும் இந்த வேலை மிச்சமாகியிருக்காது. இவ்விரண்டையும் இத்துடன் விட்டுவிடுகிறேன். உங்கள் நண்பரைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே தாவுகிறது என்று சுட்டிக் காட்டுவது வாசகரின் வேலை அன்று. கால் இடறியதைச் சொல்வதோடு அவர் கடமை முடிந்துவிட்டது; கல் எங்கே கிடக்கிறது என்று குனிந்து தேட வேண்டியவர் நீங்கள்.

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். வீட்டின் அமைப்பு, கட்டுமானப் பொருள்கள், கடல் கடந்த தொழில், இன்றைய நிலை என்று நான்கு தலைப்புகளின் கீழ் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாம் பத்திக்கு ‘முகப்பு’, எட்டாம் பத்திக்கு ‘பர்மா தேக்கு’, பதினான்காம் பத்திக்கு ‘வெளிநாட்டில் ஆண்கள்’, பதினெட்டாம் பத்திக்கு ‘ஆத்தங்குடிக் கல்’. இவற்றில் ஒன்றிலாவது வினைமுற்று இருக்கிறதா என்று பாருங்கள். 19 குறிப்புகளும் பெயர்ச்சொற்கள். பத்தி எதைப் பற்றியது என்பதை அவை சொல்கின்றன; பத்தி என்ன சொல்கிறது என்பதை ஒன்று கூடச் சொல்லவில்லை. எல்லாம் சரியாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். தேக்கு ஒரு கட்டுமானப் பொருள், ஆகவே கட்டுமானப் பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் அது இருப்பது சரிதானே என்று உங்கள் பட்டியல் உங்களைத் தட்டிக் கொடுத்துவிட்டது.

சில நாள்களாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு திருமணம் நெருங்கியது. வளவில் முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையை அப்பத்தா என்னிடம் கொடுத்தார்கள். முதல் அறையில் நின்று, ‘வெண்கலப் பானை, மூன்று’ என்று அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். அப்பத்தா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். “பானைன்னா எந்தப் பானை? யாருக்கு வாங்குனது, இங்க எதுக்குக் கெடக்கு, அத எழுது ஆத்தா.” பானையின் கழுத்தில் வெட்டியிருந்த பெயரெழுத்துகளைப் பார்த்து, கேட்டு விசாரித்து, ‘சின்ன அத்தைக்கு வாங்கிய பானை, அவர்கள் அறையில் இடமில்லாததால் இங்கே கிடக்கிறது’ என்று மறுபடி எழுதினேன். எழுதி முடித்த கணத்தில் அந்தப் பானை அங்கே இருக்கக் கூடாது என்பது எனக்கே விளங்கிவிட்டது. ‘வெண்கலப் பானை’ என்று மட்டும் எழுதியிருந்தால் பாத்திர அறையில் பாத்திரம் இருப்பதில் யாருக்கு என்ன குறை தெரிந்திருக்கும்?

இப்போது உங்கள் எட்டாம் பத்திக்கு வருவோம். அதில் ஆறு வாக்கியங்கள். கதவும் தூணும் பர்மா தேக்கு என்கிறது முதல் வாக்கியம். அடுத்த நான்கும் வேறொன்றைச் சொல்கின்றன: 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது, காடு திருத்தி நெல் பயிரிட முனைந்த உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது, நம் ஊர்க்காரர்கள் அங்கே கடை வைத்துக் கடன் கொடுத்தார்கள், அந்த வட்டிப் பணம் ஊருக்கு வந்து வீடாக எழுந்தது. ஆறாம் வாக்கியம் மரம் கப்பலில் வந்ததைச் சொல்லி முடிகிறது. இந்தப் பத்திக்கு வினைமுற்றோடு ஒரே வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? ‘பர்மாவின் நெல் விளைச்சலுக்குக் கொடுத்த கடனே இந்த வீடுகளைக் கட்டியது’ என்றுதான் எழுத முடியும். இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு தலைப்புகளையும் பாருங்கள். அது மூன்றாம் பகுதிக்கு உரியது. அங்கே பன்னிரண்டாம் பத்தியில் அதே சூயஸ் கால்வாயை, அதே ஆண்டோடு, முதன்முறை சொல்வதைப் போல மறுபடியும் சொல்கிறீர்கள். ஒரு செய்தி இரண்டு இடங்களில் அறிமுகமானால், இரண்டில் ஒரு பத்தி இடம் தவறி நிற்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பதினான்காம் பத்தி இதற்கு நேர் எதிராக நிற்கிறது. ‘வெளிநாட்டில் ஆண்கள்’ என்று குறித்திருப்பதால் தொழில் பகுதியில் பொருந்துவதாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பத்தி சொல்வது, ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து இருந்ததனாலும், மணமான ஒவ்வொரு மகனையும் வேறு வைத்து, தனி அறையும் தனிச் சமையலும் கொடுப்பது வழக்கம் என்பதனாலும், வளவில் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் அமைந்தன என்பதை. இது வீட்டின் அமைப்புக்கான காரணம்; முதல் பகுதியில் இருக்க வேண்டியது. இதற்கும் கட்டுரைக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. ‘வளவு’ என்ற சொல்லை இரண்டாம் பத்தியிலேயே பயன்படுத்திவிட்டு, முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் சேர்ந்ததே வளவு என்ற விளக்கத்தைப் பதினான்காம் பத்தியில் தருகிறீர்கள். காரைக்குடிக்காரருக்கு அது உறுத்தாது. உங்கள் நண்பர் வெளியூர்க்காரராக இருந்தால் அவர் இடறியது அங்கேயாகத்தான் இருக்கும். (அந்தப் பத்தியில் உங்கள் பாட்டி இருபது பேருக்கான பானையை ஒருவருக்காக ஏற்றிய காட்சி இருக்கிறதே, அதில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள்.)

சரி, குறிப்புகளைப் பெயர்ச்சொல்லாக எழுதினால் தவறுகள் கண்ணுக்குத் தப்பும், அவ்வளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அதைவிடப் பெரிய கேடும் உண்டு. சரியாக இருக்கும் பத்தியை அது இடம் பெயர்த்துவிடும். பதினெட்டாம் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆத்தங்குடிக் கல்’ என்ற குறிப்பை மட்டும் பார்க்கும் எவரும், தரைக்கல் கட்டுமானப் பொருள்தானே, இன்றைய நிலை என்ற பகுதியில் அதற்கு என்ன வேலை என்று தூக்கி இரண்டாம் பகுதியில் போட்டுவிடுவார்கள். நீங்களே பட்டியலில் அதன் அருகே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். ஆனால் பத்தியைப் படியுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவதும், அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவதும், பிறகு தண்ணீரில் ஊறப் போடுவதுமான அந்த வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது, வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களுக்கு நடுவே இந்த ஒரு தொழில் மட்டும் புதிய வீடுகளுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். அதன் வாக்கியம் இன்றைய நிலையைச் சொல்கிறது. அது அங்கேயே இருக்கட்டும், கேள்விக்குறியை அழித்துவிடுங்கள்.

ஆகவே பட்டியலை மறுபடியும் எழுதுங்கள், ஆனால் இன்றே வேண்டாம். நான்கைந்து நாள்கள் கட்டுரையைப் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்கி உட்காருங்கள். உட்தலைப்புகளை மறைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியையும் படித்து, அது சொல்வதை எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரே வாக்கியமாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பத்தி எண்ணைச் சீட்டின் பின்புறம் குறியுங்கள். ‘மேலும்’ என்ற சொல் இல்லாமல் வாக்கியம் முடியவில்லை என்றால் அங்கே இரண்டு பத்திகள் ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டு சீட்டாக எழுதுங்கள். பத்தியில் உள்ள நடையைத் திருத்தக் கை பரபரக்கும். திருத்தத் தொடங்கினால் அந்த முற்பகல் அதிலேயே போய்விடும். 19 சீட்டும் முடிந்ததும் கலைத்துப் போட்டு, எண்ணைப் பார்க்காமல், நான்கு தலைப்புகளின் கீழ் பிரித்து அடுக்குங்கள். பிறகு புரட்டுங்கள். கட்டுரையில் ஓரிடத்திலும் அடுக்கில் வேறிடத்திலும் உள்ள எண்களே நீங்கள் தேடுபவை. எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத சீட்டு ஒன்றிரண்டு மிஞ்சினால் அந்தப் பத்திகள் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவைதாமா என்று பாருங்கள். நான்கைந்து மிஞ்சினாலோ, ஒரே பகுதியிலிருந்து பல பத்திகள் வெளியேறினாலோ, பத்திகளைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் வைத்த தலைப்புதான் தவறு.

பத்தியை வெட்டி ஒட்டியதும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நானும் அப்படி ஒரு முறை அச்சுக்கு அனுப்பி, மூன்றாம் பக்கத்தில் ‘மேற்கண்ட கடிதம்’ என்று நான் குறித்த கடிதம் ஐந்தாம் பக்கத்தில் வந்ததைப் புத்தகமாகக் கையில் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு நகர்த்தலும் இரண்டு இடங்களில் தையலைப் பிரிக்கிறது: பத்தி புறப்பட்ட இடத்தில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்று. உங்கள் ஒன்பதாம் பத்தி ‘இவ்வாறு வந்த பணத்தால்’ என்று தொடங்குகிறது. எட்டாம் பத்தி போனபின் அந்த ‘இவ்வாறு’ எதைச் சுட்டும்? பதினைந்தாம் பத்தியின் ‘இந்த அறைகள்’ என்பதற்கும் அதே கதிதான். ‘இது’, ‘அவர்கள்’, ‘ஆகவே’, ‘முன்பு சொன்னது போல’ என வரும் சொற்களை நகர்த்திய பத்திகளிலும் அவற்றின் பழைய, புதிய அண்டை வீட்டுக்காரர்களிடத்திலும் மட்டும் தேடினால் போதும்.

எட்டாம் பத்தியை முழுதாகப் பெயர்க்க வேண்டாம். நடு நான்கு வாக்கியங்கள் பன்னிரண்டாம் பத்தியோடு சேரட்டும். சூயஸ் ஒரு முறை வந்தால் போதும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தேக்கைப் பற்றியவை, அவை இருந்த இடத்திலேயே சிறிய பத்தியாக நிற்கலாம். மரத்தின் கப்பல் பயணத்தைச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தில் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. விசாரித்து எழுதி, புதிய சீட்டுகளோடு அனுப்புங்கள்.

அன்புடன்.