ஆல்பா துகள் நின்று திரும்பும் இடம்

கேள்வி: தங்க அணுக்கருவை நேராகக் குறிவைத்த ஆல்பா துகள் 3×10⁻¹⁴ மீட்டர் வரை நெருங்கும் என்று கணக்கு வருகிறது. அதுதான் அணுக்கருவின் ஆரமா?

இல்லை, ஆரம் அதைவிடச் சிறியது. துகள் கருவைத் தொடவே இல்லை. மின்விலக்கத்தை எதிர்த்து ஏற ஏற வேகம் குறைந்து, இயக்க ஆற்றல் முழுதும் நிலையாற்றலாக மாறிய இடத்தில் ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்புகிறது. அந்த இடத்தில்

E = 2Ze²/(4πε₀d)

இதில் E துகளின் ஆற்றல், Z கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, d கருவின் மையத்திலிருந்து துகள் நிற்கும் தூரம். e²/(4πε₀) என்பது 1.44 MeV·fm. தங்கத்துக்கு Z = 79, துகளின் ஆற்றல் 7.7 MeV என்றால் d = 2×79×1.44/7.7 ≈ 29.5 fm. (1 fm = 10⁻¹⁵ மீ.) தங்கக் கருவின் ஆரமோ சுமார் 7 fm தான்.

ஆனாலும் அந்த 29.5 வீணான எண் அல்ல. 1909-இல் கைகரும் மார்ஸ்டனும் பிளாட்டினத் தகட்டில் பட்ட துகள்களில் ஏறத்தாழ 8000-க்கு ஒன்று பின்னோக்கித் திரும்புவதைக் கண்டார்கள். அணுவின் ஆரம் 10⁻¹⁰ மீட்டர். நேர்மின்னூட்டம் அவ்வளவு இடத்திலும் பரவியிருந்தால் விலக்குவிசை இதற்குப் போதவே போதாது. மின்னூட்டம் முழுவதும் 30 fm-க்குள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதே 1911-இல் ரூதர்ஃபோர்டு கண்ட முடிவின் சாரம்.

உண்மையான அளவு எப்போது தெரியும்? துகள் கருவைத் தொடும்போது, சிதறல் ரூதர்ஃபோர்டின் சிதறல் சூத்திரத்திலிருந்து விலகும். அலுமினியத்தில் Z வெறும் 13. அதே துகள் 5, 6 fm வரை நெருங்கிவிடும். அங்கே அந்த விலகல் தென்பட்டது, அணுக்கரு விசை குறுக்கிட்டதால்.