பென்சனும் 13ஆவது மருந்துச் செலவும்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி பென்சன் வரும். 28 நாளைக்கு ஒருமுறை கிளினிக். அங்கு இல்லாத மருந்தைப் பாமசியில் வாங்க 6,500 ரூபாய் போகிறது. செலவெழுதும் செயலியில் மார்ச் மாதம் காசு மிஞ்சியதாகக் காட்டியது. ஆனால் ஏப்ரல் 8ஆம் திகதி கையில் ஒன்றுமில்லை. பிழை எங்கே?

பதில்: உங்கள் கணக்கெழுத்தில் பிழையில்லை, அம்மா. செயலி மாதத்தை 1ஆம் திகதியில் தொடங்குகிறது, உங்கள் காசு 10ஆம் திகதியில் தொடங்குகிறது. மார்ச் 11இலும் ஏப்ரல் 8இலும் மருந்து வாங்கியிருப்பீர்கள். நாட்காட்டிப்படி அது மாதத்துக்கு ஒன்று. பென்சன்படி இரண்டும் ஒரே பென்சனில் போனவை. Money Manager போன்ற செயலியில் மாதத் தொடக்க நாளை மாற்றும் அமைப்பு உண்டு. அதை 10 என்று வையுங்கள்.

அதோடு முடியாது. கிளினிக் 28 நாளைக்கு ஒருமுறை வருவதால் வருடத்துக்கு 13 தரம் மருந்து வாங்குகிறீர்கள், பென்சனோ 12 தரம்தான். 6,500ஐ 13ஆல் பெருக்கினால் 84,500. அதை 12ஆல் பிரித்தால் ஏறத்தாழ 7,050. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் 3,000 ரூபாய்க்கு இரத்தப் பரிசோதனை இருந்தால் இன்னும் 1,000 சேருங்கள். ஆக மாதம் 8,050.

இந்தக் காசை மாதாமாதம் தானாக வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்ற வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் கொடுங்கள். திகதி 10 வேண்டாம், 12 அல்லது 13 போடுங்கள். விடுமுறையால் பென்சன் ஒருநாள் பிந்தினாலும் ஓடர் திரும்பாது. தொடக்கத்தில் ஒரு மருந்துச் செலவுக்கான 6,500ஐயும் அதில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், இரட்டைச் செலவு முதல் சில மாதங்களிலேயே வந்தால் கணக்கு தாங்காது.

பலர் தடுமாறுவது இங்கேதான். மாற்றிய 8,050ஐச் செலவு என்று எழுதி, பாமசியில் கொடுத்த 6,500ஐயும் செலவு என்று எழுதினால், ஒரே காசு இரண்டு தரம் கழிந்துவிடும். செயலியில் மருந்துக்கென ஒரு கணக்கைத் திறந்து, முதலாவதை அதற்குப் போன Transfer என்றும், பாமசிக்கும் பரிசோதனைக்கும் கொடுத்த காசை மட்டும் அதிலிருந்து போன Expense என்றும் பதியுங்கள். மாதக் கடைசியில் அந்தச் சேமிப்புக் கணக்கின் வங்கிப் புத்தக மீதியும் செயலியில் உள்ள மருந்துக் கணக்கின் மீதியும் ஒன்றாக இருக்கவேண்டும்.

பதியும்போது குறிப்பில் மாத்திரை எண்ணிக்கையையும் எழுதுங்கள். மருந்துச் செலவு கூடினால், விலை ஏறியதா, வைத்தியர் அளவைக் கூட்டினாரா, அல்லது கிளினிக்கில் இம்முறை ஒரு மருந்து கிடைக்கவில்லையா என்று பார்த்தவுடன் விளங்கும். முதல் இரண்டுமென்றால் 8,050ஐத் திருத்துங்கள். மூன்றாவதென்றால் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

வங்கிக் குறுஞ்செய்திகளைத் தானாக வாசித்துப் பதிகிறோம் என்று அனுமதி கேட்கும் செயலிக்கு அனுமதி கொடுக்காதீர்கள். ஓடிபி வருவதும் அந்தப் பெட்டிக்குள்தான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பதிவை நீங்களே எழுதலாம்.