பிராக்கெட் ஃபைலைக் கைமாற்றும்போது குறிப்பில் என்ன எழுதுவது?

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்றை நான்கு வருடமாக சாலிட்வொர்க்ஸில் பார்த்துவந்தேன். இப்போது வேறு பிரிவுக்கு மாறுகிறேன். அடுத்து வருபவருக்காக எழுதிய குறிப்பைச் சிலரிடம் காட்டினேன். அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ட்ரீயில அறுபதுக்கு மேல ஃபீச்சர் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதணுமா? (புதிதாகச் சேர்ந்த டிசைனர்)

வேண்டாம் தம்பி, எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். ரோல்பேக் பாரை மேலே கொண்டுபோய், ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிப் பாருங்கள். உருவம் பெரிதாக மாறும் இடங்கள் நான்கைந்துதான் இருக்கும். இந்த ஃபைலில் முதலில் மணி போன்ற உடல், அதன்மேல் ஃபிளாஞ்ச், பிறகு ரிப்கள், அப்புறம் ஃபில்லட், கடைசியாக மெஷினிங் கட்கள். இந்த ஐந்துக்கும் ஃபோல்டர் போட்டுப் பெயர் வைத்துவிட்டேன்.

குறிப்பில் எழுத வேண்டியது அந்த வரிசைக்கான காரணம். மெஷினிங் கட்கள் ஏன் கடைசியில் இருக்கின்றன? ஃபவுண்டரிக்குப் போகும் Casting கான்ஃபிகரேஷனில் அவை எல்லாம் சப்ரஸ் ஆக வேண்டும். அவற்றுக்குக் கீழே யாராவது ஒரு ரிப் போட்டு, அவை உண்டாக்கிய முகத்தில் பிடித்துவிட்டால் அதுவும் கூடவே சப்ரஸ் ஆகும். காரணம் தெரிந்தால்தான் அடுத்தவர் புது ஃபீச்சரைச் சரியான இடத்தில் போடுவார்.

Flange_PCD-ஐ மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறும்னு எழுதியிருக்கீங்க. அப்போ எந்த மோட்டாருக்கும் இதையே போடலாமா? (கொள்முதல் பிரிவில் இருப்பவர்)

போடக் கூடாது. நல்லவேளை கேட்டீர்கள், அந்த வரியையே மாற்றி எழுதிவிட்டேன். ஃபைலில் இருக்கும் சமன்பாடுகள் இவை:

```
"Flange_OD" = "Flange_PCD" + 35
"Spigot_D"  = "Flange_PCD" - 35
```

முதலில் இதைச் செய்தபோது எங்களிடம் 90 ஃபிரேம் மோட்டார் மட்டும்தான் இருந்தது. ஐஇசி அளவில் அதன் ஃபிளாஞ்ச் FF165: துளைவட்டம் 165, ஸ்பிகாட் 130, வெளி விட்டம் 200. கூட்டினாலும் கழித்தாலும் 35 சரியாக வருகிறது. பிறகு 100 ஃபிரேம் வந்தது. அது FF215: ஸ்பிகாட் 180, வெளி விட்டம் 250. அதற்கும் சரி. 132 ஃபிரேமின் FF265-க்கும் சரி (230, 300). மூன்று முறை பொருந்தியதும் இதுதான் விதி என்று நம்பிவிட்டோம்.

சின்ன மோட்டாருக்குப் போனால் கதை மாறும். 71 ஃபிரேமின் FF130-க்கு ஸ்பிகாட் 110, வெளி விட்டம் 160. நம் சமன்பாடு 95, 165 என்று தருகிறது. 95 மி.மீ. குழிக்குள் 110 மி.மீ. ஸ்பிகாட் எப்படி இறங்கும்? பெரிய பக்கம் FF300-க்கு உண்மையான அளவு 250, 350. சமன்பாடு தருவதோ 265, 335. ஸ்பிகாட் உள்ளே 15 மி.மீ. ஆடும். இரண்டு இடத்திலும் மாடல் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ரீபில்ட் ஆகும் என்பதுதான் சங்கடம்.

அதனால் குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: "இந்தச் சமன்பாடு FF165, FF215, FF265 மூன்றுக்கு மட்டும். 35 என்பது தற்செயலாகப் பொருந்திய எண். வேறு ஃபிரேம் வந்தால் மூன்று அளவையும் தரநிலை அட்டவணையில் பார்த்து டிசைன் டேபிளில் தனித்தனியாகப் போடவும்." ஒரு பராமீட்டரின் மதிப்பை ஃபைலே காட்டும். அது எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதைக் குறிப்பு மட்டும்தான் சொல்ல முடியும்.

ட்ரீயில சிவப்பு எதுவும் இல்லைன்னா ஃபைல் சுத்தம்தானே சார்? Ctrl+Q அடிச்சுப் பார்த்துட்டுத்தான் நான் எப்பவும் ஒப்படைப்பேன். (டிராயிங் பிரிவில் ஆறு வருடம் இருப்பவர்)

Ctrl+Q நல்ல பழக்கம். Ctrl+B மாறியதை மட்டும் ரீபில்ட் செய்யும், Ctrl+Q எல்லாவற்றையும் செய்யும். ஆனால் சப்ரஸ் ஆன ஃபீச்சர் சிவப்பாகாது, சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிராக்கெட்டில் நான்கு ரிப். மூன்று, சர்க்குலர் பேட்டர்னில் வருபவை. நான்காவது மட்டும் வடிகால் திறப்புக்காகச் சற்றுத் தள்ளித் தனியாக வரைந்தது. அதை வரைந்தவர், அதாவது நான், உயரத்தை மெஷினிங் கட் உண்டாக்கிய முகத்தின் விளிம்பில் பிடித்துவிட்டேன். Machined கான்ஃபிகரேஷனில் எல்லாம் அழகாக இருந்தது. Casting-க்கு மாறியதும் கட் சப்ரஸ் ஆனது, அதன் பிள்ளையான ரிப்பும் கூடவே போனது. மரப் பேட்டர்ன் மூன்று ரிப்புடன் வந்து இறங்கியது. எடையைப் பார்த்தும் பிடிபடவில்லை. மெஷினிங்குக்கு விட்ட 3 மி.மீ. இருந்ததால் வார்ப்பு எப்படியும் முடிந்த பாகத்தைவிடக் கனமாகத்தான் இருந்தது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு மெஷினிங் கட்டிலும் வலது கிளிக் செய்து Parent/Child பாருங்கள். Children பக்கத்தில் ரிப்போ ஃபில்லட்டோ தெரிந்தால் தப்பு. அந்த ஸ்கெட்சை ஃபிளாஞ்ச் பிளேனில் இருந்து ஒரு பராமீட்டரால் அளந்துகொள்ளும்படி மாற்றுங்கள். இந்த ரிப்பை மாற்றிவிட்டேன். ஆனாலும் கட்களுக்குக் கீழே இன்னும் இரண்டு ஃபில்லட் தொங்குகின்றன. அவற்றின் பெயரைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வெண்டர் STEP ஃபைல்தான் தந்தார். அதுல பராமீட்டர் எங்க இருக்கும்? (வேறு நிறுவனத்தில் ஃபிக்ஸ்சர் செய்பவர்)

இது வேறு விஷயம். நமக்கு வழக்கமாக வரும் STEP-இல் உருவம் மட்டும்தான் இருக்கும், ட்ரீயும் சமன்பாடும் வராது. எந்த மூல ஃபைலின் எந்த கான்ஃபிகரேஷனில் இருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று வெண்டரிடம் எழுதி வாங்குங்கள். வார்ப்பு உருவத்தை முடிந்த பாகம் என்று நினைத்து ஃபிக்ஸ்சர் செய்தால் 3 மி.மீ. தள்ளிப்போகும்.

பேர் பக்கத்துல ->? வர்ற ஸ்கெட்ச் ஒண்ணு இருக்கே. Break All கொடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சது, இல்லையா? (முன்பு சொன்ன டிராயிங் பிரிவுக்காரர்)

பாதி சரி. அது ஒரு துளையின் ஸ்கெட்ச், அசெம்பிளியில் பம்ப் உடலைப் பிடித்து வரைந்தது. Break All கொடுத்தால் பம்ப் உடல் மாறினாலும் இது இனி அசையாது, அந்த வகையில் முடிந்தது. ஆனால் Break செய்ததைத் திரும்ப இணைக்க முடியாது. அடுத்து வருபவருக்கு அந்தத் துளை ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். ->? என்றால் அது பிறந்த அசெம்பிளி இப்போது திறந்திருக்கவில்லை என்று அர்த்தம், கெட்டுப்போனது என்று அல்ல. நான் Lock மட்டும் செய்து, எந்த அசெம்பிளி, எந்தப் பாகம் என்று எழுதிவைத்தேன். Lock-ஐ வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

FF265-ல ரிப் அடி ஃபில்லட் 5 மி.மீ. போட்டா விழுதுன்னு "தெரிந்த சிக்கல்"ல எழுதியிருக்கீங்க. காரணம் போடலையே? (குறிப்பைப் பெறப்போகிறவர்)

தெரிந்தால் போட்டிருப்பேன். 4 மி.மீ. நிற்கிறது, 5 விழுகிறது. மற்ற இரண்டு அளவிலும் 5 பிரச்சனையில்லை. ரிப்பின் டிராஃப்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. ஃபில்லட்டை வரிசையில் முன்னே நகர்த்தினால் நிற்கிறது, ஆனால் அப்போது வடிகால் திறப்பின் விளிம்பு கெடுகிறது. பக்கத்துச் சீட்டுக்காரர் அங்கே ஒரு மெல்லிய முகம் இருக்கும் என்கிறார், நான் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை. முயன்ற மூன்றையும் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன், நீங்கள் நான்காவதில் இருந்து ஆரம்பியுங்கள். அதுவரை FF265-க்கு 4-தான். ஃபவுண்டரியிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.