வெள்ளைப் புகை விடும் ஆர்எக்ஸ் 100: வாங்கலாமா?

கேள்வி: 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று 65,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. ஓடுகிறது, ஆனால் வெள்ளையாகப் புகை விடுகிறது. “இன்ஜின் இப்போதுதான் செய்தது, டூ ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தான் செய்யும்” என்கிறார் விற்பவர். நம்பலாமா? ஒரிஜினல் பாகங்கள் கிடைக்குமா? இன்னும் எவ்வளவு செலவாகும்?
— வாசகர், திருச்சி

பதில்: புகையைப் பார்ப்பதற்கு முன் நம்பரைப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஏறி இறங்கியிருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 1993 வண்டிக்கு முதல் 15 ஆண்டுப் பதிவு 2008-லேயே முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பாக்கியை விற்பவரே தீர்த்துத் தரட்டும். உங்கள் பெயருக்கு மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே கையெழுத்திட வேண்டும்.

இனி புகை. டூ ஸ்ட்ரோக்கில் எரியும் ஆயிலால் காலையில் கொஞ்சம் நீலம் கலந்த புகை வருவது இயல்பு. நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் சைலன்சரில் தேங்கிய ஆயிலும் எரியும். அதனால் கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு பாருங்கள். அதற்குப் பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கியர் ஆயிலை இன்ஜின் தானே உறிஞ்சி எரிக்கிறது. கியர் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தால் சில சமயம் பெட்ரோல் வாடையும் அடிக்கும்.

ஆனால் அதைவிட ஆபத்தானது புகையே காட்டாத மேக்னட் பக்கத்துச் சீல். அது கிழிந்தால் அந்த வழியே வெறும் காற்று உள்ளே போகும். பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் சூடேறி, ஒருநாள் நெடுஞ்சாலையில் பிடித்துக்கொள்ளும். திராட்டிலை விட்ட பிறகும் ரேஸ் உடனே இறங்காமல் நிற்பதும், பிளக் முனை சாம்பல் வெளுப்பாக இருப்பதும் இதன் அறிகுறிகள். கார்ப்பரேட்டர் அடைத்திருந்தாலும் பிளக் வெளுக்கும் என்பதால் முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். ஆயில் பம்பைக் கழற்றி வீசிவிட்ட வண்டிகளும் நிறைய உண்டு. அப்படியிருந்தால் பெட்ரோலோடு ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டாதீர்கள்.

கிளட்ச் பக்கத்துச் சீலை மாற்ற, பெரும்பாலும் இன்ஜினையே பிரித்தாக வேண்டியிருக்கும். பிரித்ததும் பிஸ்டனை மேலே நிறுத்தி, கனெக்டிங் ராடை நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். மேல் கீழாகத் ‘டக்’ என்று தட்டினால் ராட் கிட் மாற்ற வேண்டும். கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்த பின் டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துத் தரும் லேத்துப் பட்டறையைத் தேடிப் போங்கள். கேஜ் வைக்காமல் வெறும் கண்ணளவில் சுத்தியலால் தட்டி நேர் செய்தால் புது பேரிங்கும் சீக்கிரம் இரையும்.

பிளாக் போரிங்கிலும் ஒரு வரிசை உண்டு. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில் 1 மி.மீ. வரை வரும். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதைக் கையில் கொடுத்து அளந்துதான் பிளாக்கைக் கடையச் சொல்ல வேண்டும். போர்ட் விளிம்புகளின் கூர்மையை லேசாக மழிக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் ரிங் அங்கே மாட்டி உடையும்.

ஒரிஜினலுக்காக அலைய வேண்டியது பிளாக், கார்ப்பரேட்டர், மீட்டர், சைலன்சர் ஆகியவற்றுக்கு மட்டும்தான். சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். பிளாக்கில் ஃபின் உடையாமல் இருக்க வேண்டும். எத்தனை முறை போரிங் செய்தது என்பதையும் அளந்து பார்த்து வாங்குங்கள். “பழைய ஸ்டாக், பேக்கிங் பிரிக்காதது” என்று ஆயில் சீலை அதிக விலைக்குத் தருவார்கள். வேண்டாம். முப்பது ஆண்டில் ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே இறுகியிருக்கும். சீலும் பேரிங்கும் புதிதாகவே வாங்குங்கள். கிராங்க் பேரிங்கில் எண்ணோடு C3 என்று பொறித்திருக்க வேண்டும். எந்த விலைக்கும் வாங்கக் கூடாதது எண் அடித்த இன்ஜின் கேஸ். அது திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் உங்கள் ஆர்சியோடு பொருந்தாது.

செலவு ஊருக்கு ஊர் மாறும். இன்ஜின் வேலைக்குக் கூலியோடு 15,000 முதல் 18,000 ரூபாய், பெயின்ட், குரோம், ஒயரிங், டயர், செயின் எல்லாவற்றுக்கும் இன்னொரு 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 65,000 சொல்லும் வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டித்தான் நிற்கும். எண் பொருந்தி, பிளாக்கும் ஒரிஜினலாக இருந்தால், இன்ஜின் வேலைக்கான தொகையைக் குறைத்துக் கேளுங்கள். 50,000-க்கு இறங்கினால் வாங்கலாம். பெயின்ட்டை முதலில் அடிக்காதீர்கள். இன்ஜினை முடித்து, முதல் 500 கிலோமீட்டர் முழுத் திராட்டில் கொடுக்காமல் ஓட்டி, கியர் ஆயிலை வடித்து அளந்து பாருங்கள். ஊற்றிய அளவு அப்படியே வந்தால் அதன்பின் பெயின்ட்டருக்குக் கொடுக்கலாம்.